நாலு பக்கக் கிறுக்கல், பன்னிரண்டு கேள்வி: வகுப்புக் குறிப்பைப் படிப்புக் கையேடாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நரம்பணு எப்படி மின்சமிக்ஞை அனுப்புகிறது என்று 50 நிமிட வகுப்பு நடந்தது. நாலு பக்கம் கிறுக்கி வைத்திருக்கிறேன், பாதி அம்புக்குறிதான். இதைத் தலைப்பு, வரையறை, பயிற்சிக் கேள்வி எல்லாம் உள்ள கையேடாக மாற்ற வேண்டும். போன பாடத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வண்ண வண்ணமாகத் திருப்பி எழுதினேன். தேர்வில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. எதை, எந்த வரிசையில் செய்வது? குறிப்பில் ஒரு பகுதி:

"ஓய்வில் −70. உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம். பம்ப் 3 வெளியே, 2 உள்ளே. −55 வந்தால் சோடியம் கேட் திறக்கும் → +30. பிறகு பொட்டாசியம் கேட். −80?? பம்ப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆல் ஆர் நன் (தேர்வுக்கு வரும்!!). ரிஃப்ராக்டரி 2 வகை, முதல் வகை… லிடோகெய்ன், சோடியம் சேனல் அடைப்பு."

பதில்:

அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் செய்தது படியெடுப்பு. கண் பார்த்ததைக் கை எழுதியது, நடுவில் நினைவுக்கு வேலையே வரவில்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்கள் ஒரு சிறு பத்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு குழு அதையே மறுபடி படித்தது, இன்னொரு குழு பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56, மறுபடி படித்தவர்களுக்கு 42. திருப்பி எழுதி முடித்த அன்று இரவு எல்லாம் புரிந்த மாதிரி இருந்ததும், தேர்வில் கை விட்டதும் இந்தக் கதைதான்.

அதனால் கையேட்டில் முதன்மையானது கேள்விகள். கேள்விக்கு விடை தேடிப் போகும் இடத்தைக் காட்டத் தலைப்பு, விடை வழுக்காமல் இருக்க வரையறை. இந்தக் கணக்கில் பார்த்தால் எதில் எவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தானே புரியும். 50 நிமிட வகுப்புக்கு எனக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் கேள்வி எழுதுவதற்கே அரை மணி நேரம் போகும்.

முதலில் ஓட்டைகள்

குறிப்பைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் வகுப்பில் நினைவிருப்பதை எல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள், வரிசை கெட்டாலும் போகட்டும். பிறகு குறிப்பைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் இல்லாமல் குறிப்பில் மட்டும் இருப்பவை கேள்வியாக வேண்டியவை. இரண்டிலும் இல்லாதவை ஓட்டைகள்.

உங்கள் குறிப்பில் எனக்கு மூன்று தெரிகின்றன. "−80??" என்பதில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், அது நல்லது, சந்தேகம் இருப்பது உங்களுக்கே தெரியும். "முதல் வகை…" என்று விட்டது காதில் விழாமல் போனது, அதுவும் கண்ணில் படும். ஆபத்தானது மூன்றாவது: "பம்ப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்." சந்தேகமே இல்லாமல் எழுதப்பட்ட வரி, ஆனால் தவறு. ஆசிரியர் அநேகமாக "பம்ப் அயனிகளின் அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்" என்று சொல்லியிருப்பார். வேகத்தில் நீங்கள் "அயனிகளின் அளவை" என்பதை விட்டிருப்பீர்கள். குறிப்பில் அதற்கு முன்னால் வருவது மின்னழுத்தம் பற்றிய பேச்சு என்பதால், திரும்பப் படிக்கும்போது மின்னழுத்தத்தைப் பம்ப் இறக்குகிறது என்றே தோன்றும்.

உண்மையில் +30 மில்லிவோல்டிலிருந்து கீழே இறக்குவது பொட்டாசியம். சோடியம் சேனல்கள் அடைபட்டு, பொட்டாசியம் சேனல்கள் திறந்து, நேர்மின்னேற்றமுள்ள பொட்டாசியம் அயனிகள் வெளியே போவதால் உள்பக்கம் மறுபடி எதிர்மின்னாகிறது. இதெல்லாம் ஓரிரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும், பம்புக்கு அந்த வேகம் இல்லை. அது பின்னணியில் மெதுவாக ஓடி, நாளடைவில் சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறி நிரவிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட வரியைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றுதான். குறிப்பில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் பிடித்து "எது? எதை?" என்று கேட்பேன். "கொண்டுவரும்": எது, எதை? பதில் இரண்டு விதமாகச் சொல்ல முடிந்தால் அந்த வரியைப் பாடநூலோடு ஒப்பிட வேண்டும். அம்புக்குறிகளுக்கும் இதே சோதனைதான். "→" சில இடங்களில் "அதனால்", சில இடங்களில் "அதன் பிறகு", சில இடங்களில் "அதாவது". மூன்றையும் ஒரே குறியில் எழுதுவதுதான் பெரும்பாலான வகுப்புக் குறிப்புகளின் வியாதி. ஒவ்வொரு அம்பையும் சொல்லாக மாற்றுங்கள். மாற்ற முடியாமல் நின்றால் அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஓட்டைகளைப் பாடநூலிலிருந்தோ ஆசிரியரின் ஸ்லைடிலிருந்தோ நிரப்புங்கள். நிரப்பியதை வேறு மையில் எழுதினால் வகுப்பில் வந்தது எது, நீங்கள் சேர்த்தது எது என்பது பிறகும் தெரியும். வண்ணப் பேனாவுக்கு நான் தரும் ஒரே வேலை இதுதான்.

தலைப்புகள்

வகுப்பு நடந்த வரிசையில் தலைப்பு போடுவதுதான் எல்லோரும் செய்வது. ஆசிரியர் பம்பைப் பற்றித் தொடக்கத்தில் ஒருமுறை பேசுவார், நடுவில் ஒருமுறை, யாரோ கேட்ட கேள்விக்காகக் கடைசியில் இன்னொரு முறை. உங்கள் குறிப்பிலும் பம்ப் இரண்டு இடத்தில் இருக்கிறது. குறிப்பின் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ஒரே விஷயத்தைப் பேசும் எண்களை ஒன்றுசேர்த்துவிட்டு, பிறகு தலைப்பு எழுதுங்கள்.

அடுத்து, தலைப்பின் வடிவம். "ஓய்வுநிலை மின்னழுத்தம்", "செயல்நிலை மின்னழுத்தம்" என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் அது அலமாரியில் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது, அங்கே எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். கேள்வியாக எழுதினால் அதன் கீழே வரும் ஒவ்வொரு வரியும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். உங்கள் பாடத்துக்கு நான் போடுவது இந்த ஐந்து:

1. எதுவும் நடக்காதபோது உள்பக்கம் ஏன் −70?
2. −55ஐத் தொட்டதும் ஏன் நிறுத்த முடியாமல் ஏறுகிறது?
3. மேலே போனது எப்படிக் கீழே வருகிறது, ஏன் −70க்கும் கீழே போகிறது?
4. நரம்பணு உடனே இரண்டாவது முறை ஏன் சுட, அதாவது சமிக்ஞை எழுப்ப, முடியாது?
5. பம்பின் வேலை என்ன, எது அதன் வேலை இல்லை?

மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெய்னுக்குத் தனித் தலைப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். அது இரண்டாவது கேள்விக்கான எடுத்துக்காட்டு, அதன் கீழேயே போகும். ஆசிரியர் ஒரு எடுத்துக்காட்டுக்குப் பத்து நிமிடம் செலவழித்திருந்தாலும் அது எடுத்துக்காட்டுதான். ஆனால் "தேர்வுக்கு வரும்" என்று அவர் சொன்னதைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டாம் தலைப்பின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

ஐந்து தலைப்பு ஏன்? பத்துக்கு மேல் போனால் குறிப்பையே துண்டு துண்டாக வெட்டியிருக்கிறீர்கள், தொகுக்கவில்லை. இரண்டோ மூன்றோ என்றால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பக்கம் வந்து, தேடினால் கிடைக்காது. கணினியில் எழுதுகிறீர்கள் என்றால் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் `Heading 1`, `Heading 2` என்ற ஸ்டைலைக் கொடுங்கள். பக்கவாட்டில் தலைப்புப் பட்டியல் தானே வரும், அதை மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பதைச் சொல்லிப் பார்க்கலாம்.

வரையறைகள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் குறிப்பை அப்படியே வரையறையாக்கினால், "திரெஷோல்டு: −55 மில்லிவோல்ட்" என்று வரும். இது அளவு. திரெஷோல்டு என்றால் என்ன என்ற கேள்விக்கு இது பதில் சொல்லவில்லை. −55 என்ற எண்ணும் எல்லா நரம்பணுவுக்கும் பொதுவானது கிடையாது, பல நரம்பணுக்களில் ஏறக்குறைய அந்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

நல்ல வரையறையில் மூன்று இருக்க வேண்டும்: அது எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து அதைப் பிரிப்பது எது, எதோடு குழம்பக்கூடாது. திரெஷோல்டுக்கு எழுதிப் பார்ப்போம்.

"திரெஷோல்டு என்பது ஒரு சவ்வு மின்னழுத்த அளவு. இந்த அளவில், சோடியம் உள்ளே வரும் வேகம் பொட்டாசியம் வெளியே போகும் வேகத்தை மிஞ்சிவிடும். அதனால் வெளித்தூண்டலை நிறுத்தினாலும் மின்னழுத்தம் தானாகவே ஏறும். இது உச்ச அளவு அல்ல, ஏற்றம் தொடங்கும் இடம்."

இதை எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். ஆல் ஆர் நன் என்று நீங்கள் இரண்டு ஆச்சரியக்குறி போட்டு வைத்த விதி தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாதது ஆகிவிடுகிறது. ஒருமுறை எல்லையைத் தாண்டினால் சோடியம் வருவதால் மின்னழுத்தம் ஏறுகிறது, ஏறுவதால் இன்னும் சோடியம் சேனல்கள் திறக்கின்றன, அதனால் இன்னும் சோடியம். தூண்டல் சற்றே தாண்டியதா, மிகவும் தாண்டியதா என்று அந்தச் சுழற்சிக்குத் தெரியாது. எல்லையைத் தொடாவிட்டால் அந்தச் சுழற்சி தொடங்குவதே இல்லை. வரையறை சரியாக அமைந்தால் பக்கத்தில் இருக்கும் விதி அதிலிருந்து வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் வரையறையில் காரணம் விடுபட்டிருக்கிறது.

மூன்றாவது உறுப்பை, "எதோடு குழம்பக்கூடாது" என்பதை, ரிஃப்ராக்டரி காலத்துக்குக் கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் தவறவிட்ட முதல் வகை முழுமையான ரிஃப்ராக்டரி காலம். அப்போது சோடியம் சேனல்கள் திறந்தோ முடக்கத்திலோ இருக்கின்றன, எவ்வளவு பலமான தூண்டலும் இன்னொரு செயல்நிலை மின்னழுத்தத்தை எழுப்பாது. இரண்டாவது வகை ஒப்பீட்டு ரிஃப்ராக்டரி காலம். சேனல்களில் ஒரு பகுதி மீண்டுவிட்டது, ஆனால் பொட்டாசியம் இன்னும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறுவதால் மின்னழுத்தம் −70க்குக் கீழே கிடக்கிறது. உங்கள் "−80??" இந்த இடம்தான். வழக்கத்தைவிடப் பலமான தூண்டல் இருந்தால் எழுப்பலாம். ஒன்றில் "முடியாது", இன்னொன்றில் "கூடுதல் பலம் வேண்டும்". இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே வாக்கிய அமைப்பில் எழுதினால் வேறுபாடு மட்டும் கண்ணில் நிற்கும்.

எல்லாச் சொல்லுக்கும் வரையறை எழுத வேண்டாம். அயனி, சவ்வு என்பவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த வகுப்பில் புதிதாக வந்தவையும், தெரிந்த சொல்லாக இருந்தாலும் இங்கே வேறு பொருளில் வந்தவையும் போதும். ஏழெட்டு வரும். எழுதும்போது பாடநூலை மூடிவிடுங்கள், எழுதிய பிறகு திறந்து சரிபாருங்கள். பாடநூலின் வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் தேர்வில் அந்த வாக்கியத்தின் முதல் மூன்று சொல் மட்டும் நினைவுக்கு வரும்.

கேள்விகள்

மொத்தம் பன்னிரண்டு போதும். நான்கு நேரடியானவை, ஐந்து "ஏன், எப்படி" என்பவை, மூன்று நிலைமையை மாற்றிப் பார்ப்பவை. இந்தப் பிரிப்பு என் பழக்கம், உங்கள் தேர்வு எப்படிக் கேட்கும் என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பன்னிரண்டும் "…என்றால் என்ன?" என்று முடிந்தால் நீங்கள் எழுதியது கேள்வி கிடையாது, தலைப்பைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.

நேரடிக் கேள்விக்கு எடுத்துக்காட்டு: "பம்ப் ஒரு சுற்றில் எத்தனை சோடியத்தை வெளியேற்றி எத்தனை பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும்?" மூன்று, இரண்டு. இதோடு விடலாம்.

"ஏன்" கேள்விகள் கிடைக்கும் இடம் நீங்கள் சொல்லாக மாற்றிய அம்புக்குறிகள். "அதனால்" என்று எங்கெல்லாம் எழுதினீர்களோ அங்கெல்லாம் ஒரு கேள்வி இருக்கிறது. "தூண்டலின் பலத்தை இருமடங்காக்கினால் உச்சம் +60 ஆகுமா? ஆகாதென்றால் பலத்த தூண்டலை நரம்பு எப்படித்தான் தெரிவிக்கிறது?" உச்சம் மாறாது, ஒரு வினாடியில் எத்தனை முறை சுடுகிறது என்பது மாறும். இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவருக்கு ஆல் ஆர் நன் புரிந்திருக்கிறது என்று நான் நம்புவேன். விதியை ஒப்பித்தவரை நம்பமாட்டேன்.

நிலைமையை மாற்றும் கேள்விக்கு ஒரு எளிய வழி உண்டு. பொறிமுறையில் ஒரு பாகத்தை எடுங்கள், அதை நிறுத்துங்கள் அல்லது கூட்டுங்கள், பிறகு என்ன ஆகும் என்று கேளுங்கள். உங்கள் பாடத்துக்கு மூன்று:

"லிடோகெய்ன் சோடியம் சேனல்களை அடைத்துவிட்டது. ஓய்வுநிலை மின்னழுத்தம் மாறுமா? செயல்நிலை மின்னழுத்தம்?" ஓய்வுநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொட்டாசியக் கசிவு, அதனால் அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். செயல்நிலை எழாது, வலிச் செய்தி போகாது.

"செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தின் அளவைக் கூட்டினால் −70 எந்தப் பக்கம் நகரும்?" உள்ளும் வெளியும் உள்ள வேறுபாடு குறைவதால் வெளியே கசிவது குறையும், மின்னழுத்தம் பூச்சியத்தை நோக்கி நகரும்.

"பம்பை இந்த நொடியில் நிறுத்தினால் அடுத்த செயல்நிலை மின்னழுத்தம் எழுமா?" எழும். அயனிகளின் வேறுபாடு இன்னும் கையிருப்பில் இருக்கிறது, ஒவ்வொரு சுடுதலிலும் இடம் மாறும் அயனிகள் அதில் மிகச் சிறு பங்குதான். வேறுபாடு மெல்ல மெல்லக் கரைந்த பிறகே சுட முடியாமல் போகும்.

கடைசிக் கேள்வி உங்கள் தவறான வரியிலிருந்து நேராக வந்தது என்பதைப் பாருங்கள். ஓட்டை தேடும்போது கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையும் இப்படி ஒரு கேள்வியாக வேண்டும். நீங்கள் ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டதை இன்னொரு முறையும் அதே மாதிரி புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம், திருத்தி எழுதியதோடு அது போய்விடாது.

விடைகளைக் கேள்விக்குக் கீழேயே எழுதாதீர்கள், கண் தானே கீழே ஓடிவிடும். தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு விடைக்கும் எந்தத் தலைப்பின் கீழ் பார்க்க வேண்டும் என்று எண் போடுங்கள். விடையில் காரணமும் இருக்கட்டும். "மாறாது" என்று மட்டும் எழுதி வைத்தால், ஊகித்துச் சொன்ன "மாறாது" சரியான விடையாகிவிடும்.

கையேடு வேலை செய்கிறதா?

மறுநாள் கையேட்டைப் பார்க்காமல் பன்னிரண்டுக்கும் எழுதிப் பாருங்கள். வாயால் சொல்வது போதாது, பாதி சொன்னதும் தெரிந்த மாதிரி இருந்து அடுத்ததற்குத் தாவிவிடுவோம். முதல் முறையே பன்னிரண்டும் சரியாக வந்தால் மகிழ வேண்டாம், கேள்விகள் எளிது அல்லது கேள்வியின் சொற்களிலேயே விடை ஒளிந்திருக்கிறது. "சோடியம் சேனல்கள் முடங்கியிருக்கும் முழுமையான ரிஃப்ராக்டரி காலத்தில் ஏன் சுட முடியாது?" என்பது அப்படிப்பட்ட கேள்வி, விடையைச் சொல்லிவிட்டே கேட்கிறது. ஏழெட்டு சரியாக வந்தால் கேள்விகள் ஏறக்குறைய சரியான கடினத்தில் இருக்கின்றன.

தவறியவற்றுக்குப் புள்ளி வைத்து மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள், பிறகு ஒரு வாரம் கழித்து. அப்போது கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவது கேள்விக்கு என்ன விடை என்பது எட்டு என்ற எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே கேள்வி மூன்று முறை தவறினால் அதையே நான்காம் முறை முயல வேண்டாம். அது தொடும் வரையறைக்குப் போங்கள். என்னிடம் படித்த ஒருவருக்கு வெளிப் பொட்டாசியம் பற்றிய கேள்வி திரும்பத் திரும்பத் தவறியது. அவருடைய கையேட்டில் ஓய்வுநிலை மின்னழுத்தத்துக்கு "பம்பினால் உண்டாகும் −70" என்று இருந்தது. பம்ப் மூன்றை வெளியேற்றி இரண்டை எடுப்பதால் நேரடியாகக் கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே, மிச்சமெல்லாம் பொட்டாசியக் கசிவு. அந்த ஒரு வரியை "பம்ப் உண்டாக்கி வைத்த அயனி வேறுபாட்டால், பொட்டாசியம் வெளியே கசிவதால் நிலைக்கும் மின்னழுத்தம்" என்று மாற்றினோம். கேள்வியை நாங்கள் தொடவே இல்லை. அடுத்த முறை அதற்கும் லிடோகெய்ன் கேள்விக்கும் சேர்த்தே சரியாக எழுதினார்.